‘செட்’ வாங்கினால் மிச்சமா? துரித உணவகத்தில் ஒரு நாள் சம்பளம் போகும் கணக்கு

செனாய்: சம்பளம் போட்ட வார இறுதியில் செனாய், கூலாய் வட்டாரத் துரித உணவகங்களில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் நிற்கும். தொழிற்சாலை வேலைக்காரர்கள், விமான நிலையப் பகுதியில் வேலை செய்பவர்கள், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் என எல்லாரும் அந்த வரிசையில் இருப்பார்கள். மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் பொரித்த கோழி. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், கல்லாவில் நிற்கும்போது மேலே ஒளிரும் விலைப்பலகை ஒரு கேள்வியை வைக்கிறது. தனித்தனியாக வாங்குவதா, ‘செட்’ வாங்குவதா, அல்லது குடும்பத்துக்கென்று போட்டிருக்கும் பெரிய பெட்டியை வாங்குவதா? பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது பெரும்பாலோர் ‘செட்’டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஜொகூர்காரர்களுக்கு இந்த வகை உணவு புதிதல்ல. கேஎஃப்சி 1973-இல் கோலாலம்பூரில் முதல் கடையைத் திறந்தது. மெக்டொனல்ட்ஸ் 1982-இல் வந்தது. இரண்டுக்கும் இடையில், 1981-இல், மேரிபிரவுன் நம் ஜொகூர் பாருவிலேயே பிறந்தது. அப்போது அது பெரிய நகரத்து வாடிக்கை. இன்று நெடுஞ்சாலை ஓரத்திலும் சின்னப் பட்டணத்திலும் கிடைக்கிறது. கடைகள் பக்கத்தில் வந்துவிட்டன. ஆனால், ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் ஆகும் செலவு, குறைந்தபட்ச சம்பளக்காரரின் ஒரு நாள் கூலிக்கு அருகில் போய் நிற்கிறது.

அந்தக் கூலி எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால், 26 நாளுக்குப் பிரித்தால், ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. அதிலும் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, ஊழியர் சேமநிதிக்குப் போய்விடும். சொக்சோவும் பிடிப்பார்கள். ஆக, 65 வெள்ளி என்பது கைக்கு வராத கணக்கில்தான் ஒரு நாள் கூலி. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு விலைப்பலகையைப் பார்க்க வேண்டும்.

மிச்சம் என்று எழுதியிருப்பது எதிலிருந்து மிச்சம்?

துரித உணவகங்களின் விலை மாதத்துக்கு மாதம், கடைக்குக் கடை மாறும். அதனால் கீழே வரும் விலைகள் கணக்குக்காக மட்டும் வைத்துக்கொண்டவை; எந்த ஒரு கடையின் விலையும் அல்ல. தங்கள் பக்கத்துக் கடையின் விலையை அந்த இடத்தில் போட்டு யாரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு துண்டு பொரித்த கோழி தனியாக 13 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு வறுவல் தனியாக 5 வெள்ளி. ஒரு குவளை பானம் 3 வெள்ளி 50 காசு. மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் 21 வெள்ளி 50 காசு ஆகிறது. இதே மூன்றும் சேர்ந்த ‘செட்’ 18 வெள்ளி. பலகையைப் பார்த்தால் 3 வெள்ளி 50 காசு மிச்சம். கணக்குச் சரிதான், கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

ஆனால், அந்த மிச்சம் யாருக்கு? கடைக்குள் வரும்போதே கோழி, வறுவல், பானம் மூன்றும் வேண்டும் என்று நினைத்து வந்தவருக்கு மட்டும்தான் அது மிச்சம். கோழி சாப்பிட வந்தவர், ‘செட்’ மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால், அவர் 3 வெள்ளி 50 காசு மிச்சம் பிடிக்கவில்லை. 13 வெள்ளியில் முடிய வேண்டியதை 18 வெள்ளியாக்கி, 5 வெள்ளி கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். ‘செட்’டின் விலையை அதன் பகுதிகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவது கடையின் வழி. வாங்குபவர் ஒப்பிட வேண்டியது, ‘செட்’ என்ற ஒன்று இல்லாதிருந்தால் தான் என்ன வாங்கியிருப்போம் என்பதோடு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பலகையில் உள்ள மற்ற எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

‘செட்’டில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் பானமும் வறுவலுமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கோழியும் இறைச்சியும் கடைக்கு அடக்கவிலை கூடியவை. மலேசியாவில் 2023 நவம்பர் முதல் தேதி கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. அதன் பிறகு கோழி விலை சந்தையைப் பொறுத்தது. இயந்திரத்திலிருந்து வரும் பானமோ சாறு, தண்ணீர், வாயு, ஐஸ் ஆகியவற்றின் கலவை. அடக்கவிலை குறைவு, விற்கும் விலை அதிகம். எனவே, பானத்தின் விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் கடைக்கு நட்டமில்லை. கோழியின் விலையைக் குறைப்பதுதான் கடைக்குக் கடினம். வாங்குபவருக்கு இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது: தள்ளுபடி பானத்தில் விழுந்திருக்கிறதா, கோழியில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது.

ஒரு துண்டு என்ன விலை?

அதைப் பார்க்க எளிய வழி, ஒரு துண்டுக் கோழிக்கு என்ன கொடுக்கிறோம் என்று கணக்கிடுவது. மேலே சொன்ன விலையில், தனியாக வாங்கினால் ஒரு துண்டு 6 வெள்ளி 50 காசு. ‘செட்’டாக வாங்கி, பானத்தையும் வறுவலையும் பெரிதாக எண்ணாதவருக்கு ஒரு துண்டு 9 வெள்ளி. இதே கடையில் 6 துண்டு மட்டும் அடங்கிய பெட்டி 36 வெள்ளிக்கு இருந்தால், ஒரு துண்டு 6 வெள்ளிதான். இங்கே தள்ளுபடி கோழியிலேயே விழுந்திருக்கிறது.

ஆனால், துண்டு எல்லாம் ஒன்றல்ல. கேஎஃப்சி முறையில் ஒரு கோழியை 9 துண்டாக வெட்டுகிறார்கள்: 2 சிறகு, 2 கால், 2 தொடை, 2 விலா, 1 நெஞ்சு. தொடையில் உள்ள சதை சிறகில் இல்லை. 2 துண்டு என்று எழுதியிருக்கும் ‘செட்’டில் ஒரு சிறகும் ஒரு காலும் வந்தால் பெரியவர் ஒருவருக்குப் பசி அடங்காது, ஒரு தொடையும் ஒரு விலாவும் வந்தால் போதும். பெட்டியாக வாங்கும்போது எல்லா வகையும் கலந்து வருவதால், வீட்டில் பெரியவர்களுக்குத் தொடை, சின்னப் பிள்ளைகளுக்குக் கால் என்று பிரித்துக்கொள்ள முடியும். தனி ‘செட்’ வாங்குபவர், எந்தத் துண்டு என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கையிருப்பில் இருந்தால் சில கடைகளில் கொடுப்பார்கள். மறுத்தாலும் கேட்டதில் நட்டமில்லை.

நான்கு பேர் குடும்பம், மூன்று வழி

அப்பா, அம்மா, 11 வயது, 7 வயது பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் வழி, ஆளுக்கொரு ‘செட்’. பெரியவர்களுக்கு 18 வெள்ளியில் இரண்டு கோழி ‘செட்’, பிள்ளைகளுக்கு 13 வெள்ளியில் இரண்டு பர்கர் ‘செட்’. மொத்தம் 62 வெள்ளி.

பலகையில் உள்ள விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதை இங்கே பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 8 விழுக்காடாக உயர்ந்தபோது, உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே விடப்பட்டது. ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் உணவகங்கள் இதை வசூலிக்க வேண்டும். பெரிய துரித உணவக நிறுவனங்கள் அந்த வரம்பைத் தாண்டியவை. உட்கார்ந்து சாப்பிட்டாலும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனாலும் வரி உண்டு. பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இது எழுதியிருக்கும். வரி சேராத விலை என்றால், 62 வெள்ளிக்கு வரி 3 வெள்ளி 72 காசு. மொத்தம் 65 வெள்ளி 72 காசு. ரொக்கமாகக் கொடுத்தால் 5 காசுக்குச் சரிசெய்து 65 வெள்ளி 70 காசு வாங்குவார்கள். ஒரு நாள் கூலி முழுசாகப் போய்விட்டது.

இரண்டாவது வழி, குடும்பப் பெட்டி. 6 துண்டு கோழி, 2 பெரிய வறுவல், 4 பானம் சேர்ந்து 58 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். வரியோடு 61 வெள்ளி 48 காசு, ரொக்கத்தில் 61 வெள்ளி 50 காசு. முதல் வழியைவிட 4 வெள்ளி 20 காசு குறைவு. இதுதான் விளம்பரத்தில் பெரிதாக வரும் மிச்சம்.

மூன்றாவது வழி, அதே 6 துண்டுக் கோழியை மட்டும் 36 வெள்ளிக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது. வரியோடு 38 வெள்ளி 16 காசு. ரொக்கத்தில் 38 வெள்ளி 15 காசு. வீட்டில் சோறு. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி. அந்த விலையில் கிடைத்தால் அரை கிலோ அரிசி 1 வெள்ளி 30 காசு. நான்கு பேருக்கு அது தாராளம். வெள்ளரிக்காய், தக்காளி, கொஞ்சம் சம்பல், எரிவாயு எல்லாவற்றுக்கும் 4 வெள்ளி என்று வைத்தாலும் மொத்தச் செலவு 43 வெள்ளி 45 காசு. முதல் வழியைவிட 22 வெள்ளி 25 காசு குறைவு.

இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் கோழி ஒன்றுதான்: இரண்டிலும் 6 துண்டு. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் இடையில் இருப்பது 22 வெள்ளி. அந்த 22 வெள்ளி முழுக்க இரண்டு வறுவலுக்கும் நான்கு குவளை பானத்துக்கும் கொடுப்பது. பையிலிருந்து தனியாக 22 வெள்ளி எடுத்து, வறுவலும் பானமும் மட்டும் வாங்கி வரச் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் யோசிப்பார்கள். பெட்டிக்குள் சேர்ந்து வரும்போது அந்த யோசனை வருவதில்லை.

மூன்றாவது வழிக்கும் ஒரு குறை உண்டு. பிள்ளைகளுக்குக் கோழி மட்டுமல்ல, அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் சேர்ந்ததுதான் சந்தோஷம். அதை விட்டுக்கொடுக்க முடியாத நாளில், கோழிப் பெட்டியோடு ஒரு பெரிய வறுவலை மட்டும் வாங்கி நடுவில் வைத்துக்கொண்டால், செலவு இரண்டு வழிகளுக்கும் இடையில் நிற்கும்.

தனியாகச் சாப்பிடுபவருக்கு

தொழிற்சாலையில் வேலை செய்து, வாடகை அறையில் தங்கியிருக்கும் தனி ஆளுக்குக் கணக்கு வேறு. அவருக்கு 6 துண்டுப் பெட்டி உதவாது. மீதத்தை வைக்கக் குளிர்பெட்டியும் இல்லாமல் இருக்கலாம். அவருக்கு மதிய நேரச் சலுகைதான் உண்மையான மலிவு. பல நிறுவனங்கள் வேலை நாளில் மதியம் சில மணி நேரத்துக்கு மட்டும் ‘செட்’ விலையைக் குறைக்கின்றன. கூட்டம் வரும் நேரத்தில் வேகமாக விற்கக்கூடிய சில வகைகளை மட்டும் அதில் வைத்திருப்பார்கள். எப்படியும் சாப்பாட்டோடு குளிர்பானம் வாங்கிக் குடிப்பவர் என்றால், அந்த ‘செட்’ அவருக்கு லாபம்தான். ஷிப்ட் வேலைக்காரருக்குச் சலுகை நேரமும் ஓய்வு நேரமும் ஒத்துவராமல் போவதுதான் சிக்கல். சலுகை முடிந்த பிறகு அதே ‘செட்’டை முழு விலைக்கு வாங்கினால், அதை மலிவு என்று சொல்ல முடியாது.

தனி ஆளுக்கு இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. 2023 ஜனவரி 31-ஆம் தேதி, அப்போதைய உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சர் டத்தோஸ்ரீ சலாவுடின் அயூப் ‘மெனு ரஹ்மா’வைத் தொடக்கிவைத்தார். ஜொகூர், பூலாய் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் அதே ஆண்டு ஜூலையில் காலமானார். சோறு அல்லது அதற்கு ஈடான மாவுச்சத்து, கோழி, மீன், முட்டை போன்ற புரதம், காய்கறி அல்லது பழம் மூன்றும் சேர்ந்து 5 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் அடிப்படை. அரசு உதவித்தொகை இல்லாமல், கடைக்காரர்கள் தாங்களே முன்வந்து செய்யும் ஏற்பாடு அது. அதனால் எல்லாக் கடையிலும், எல்லா நேரத்திலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பைப் பார்த்து, எந்த நேரம், எத்தனை தட்டு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த 5 வெள்ளியைத் துரித உணவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 18 வெள்ளி ‘செட்’டில் மாவுச்சத்து இருக்கிறது, புரதம் இருக்கிறது, காய்கறி பெரும்பாலும் இல்லை. 5 வெள்ளித் தட்டில் மூன்றும் இருக்கின்றன. பசியை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு ‘செட்’டின் விலையில் மூன்று வேளை மதியச் சாப்பாடு முடிந்து 3 வெள்ளி மிஞ்சும். ஆகவே, தினசரிச் சாப்பாட்டுக்கு ‘செட்’டை மலிவுச் சாப்பாடு என்று நினைப்பதில்தான் மாதக் கடைசியில் கை கடிக்கிறது.

செயலியும் வீட்டுக்கு வரும் சாப்பாடும்

கைப்பேசிச் செயலியில் வரும் கூப்பன்கள் சில நேரம் உண்மையாகவே மலிவு. தனிக் கோழியைவிடக் கூப்பன் ‘செட்’ குறைவாக இருந்தால், பானம் வேண்டாதவரும் அதை வாங்கலாம். ஆனால், கூப்பனில் மூன்றைப் படிக்க வேண்டும்: எவ்வளவுக்கு மேல் வாங்கினால் செல்லும், எந்தத் தேதி, எந்த நேரம் வரை செல்லும், எந்தக் கடைகளில் செல்லாது. 30 வெள்ளிக்கு வாங்கினால் 5 வெள்ளி தள்ளுபடி என்ற கூப்பனுக்காக, 24 வெள்ளி பில்லை 30 ஆக்குபவர் கடைசியில் 25 வெள்ளி கொடுக்கிறார். தள்ளுபடி வாங்கியும் 1 வெள்ளி கூடுதல்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் சேவையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பல கடைகளில் அந்தச் சேவைக்கான விலைப்பட்டியலே கடைப் பலகையைவிடக் கூடுதலாக இருக்கும். அனுப்பும் கட்டணம் அதற்கு மேல். செயலியில் ஒரு பொருளின் விலையைப் பார்த்து, அதையே கடையில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வீட்டுப் பக்கத்திலேயே கடை இருப்பவர் நேரில் போய் வாங்குவது இரண்டையும் தவிர்க்கிறது.

பலகையில் ஒன்று, பில்லில் ஒன்று

பணம் கொடுத்ததும் பில்லைப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இல்லை. வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. ‘பெரிதாக்கவா?’ என்று கேட்டதற்குத் தலையசைத்ததில் ஒவ்வொரு ‘செட்’டிலும் சில வெள்ளி ஏறியிருக்கும், நான்கு ‘செட்’டுக்கு அது ஒரு தனிச் சாப்பாட்டு விலை. அல்லது, சலுகை விலைக்குப் பதிலாக வழக்கமான விலை அடிக்கப்பட்டிருக்கும். கல்லாவை விட்டு நகர்வதற்கு முன் சொன்னால் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள்.

விளம்பரத்தில் போட்ட சலுகை கடையில் எப்போது கேட்டாலும் ‘முடிந்துவிட்டது’ என்றால், அது வேறு விஷயம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விலை பற்றித் தவறான எண்ணம் தருவதைத் தடுக்கிறது. 13-ஆவது பிரிவு, நியாயமான அளவிலும் காலத்திலும் கொடுக்கும் எண்ணம் இல்லாமலேயே ஒரு விலையை விளம்பரம் செய்து ஆள் இழுப்பதைத் தடுக்கிறது. ‘கையிருப்பு உள்ளவரை’ என்று எழுதி, உண்மையாகவே விற்றுத் தீர்ந்திருந்தால் புகாருக்கு இடமில்லை. அப்படி இல்லாவிட்டால், விளம்பரத்தையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மேலே போட்ட கணக்குக்குத் திரும்பினால், ஆளுக்கொரு ‘செட்’ வாங்குவதற்கும் கோழியை வாங்கி வீட்டில் சோறு வைப்பதற்கும் இடையில் 22 வெள்ளி 25 காசு. மாதம் இரண்டு முறை பிள்ளைகளுக்குக் கோழி வாங்கிக் கொடுக்கும் வீட்டில் அது 44 வெள்ளி 50 காசு. கோழித் துண்டு ஒன்றுகூட குறையவில்லை. குறைந்தது வறுவலும் பானமும் பிள்ளைகளின் பர்கரும்தான். அந்தப் பணத்தில் 26 வெள்ளி அரிசி மூட்டை ஒன்று வாங்கியது போக, 18 வெள்ளி 50 காசு கையில் நிற்கும்.